மூல அறிக்கையிலேயே அந்த எண் இருக்கிறது. அப்படியானால் சரிபார்ப்பு முடிந்துவிட்டதா?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாத இதழின் ஆசிரியர் குழுவில் பயிற்சியாளராகச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அச்சுக்குப் போகும் முன் கட்டுரைகளில் உள்ள தகவல்களையும் எண்களையும் ஆதாரங்களையும் சரிபார்ப்பது என் வேலை. இப்போது என் கையில் இருப்பது இமயமலைப் பனியாறுகள் பற்றிய கட்டுரையின் முதல் பிரதி. அதில் மூன்று வாக்கியங்களில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது: "இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.பி.சி.சி. கூறுகிறது." இரண்டாவது: "அவற்றின் மொத்தப் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும்." மூன்றாவது: "பிண்டாரி பனியாறு ஆண்டுக்கு 135.2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கியுள்ளது."

காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007ஆம் ஆண்டு நான்காம் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து, இரண்டாம் பணிக்குழுவின் தொகுதியில் ஆசியா பற்றிய 10ஆம் அத்தியாயத்தில் தேடினேன். மூன்றும் 10.6.2 என்ற பிரிவில் இருக்கின்றன. எண்கள் புள்ளி பிசகாமல் ஒத்துப்போகின்றன. இன்னும் ஐந்து இணையதளங்களிலும் 2035 என்றே பார்த்தேன். ஓரத்தில் "ஐ.பி.சி.சி. 2007, பிரிவு 10.6.2" என்று குறித்து, மூன்றுக்கும் பச்சை அடிக்கோடிட்டு அனுப்பினேன். துணையாசிரியர் மூன்றையும் சிவப்பாக மாற்றி, "இது எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் குறித்திருக்கிறேனே. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று விளங்கவில்லை.

கதிரவன் எழுதியது:

உங்கள் வேலையை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள் என்பது என் கருத்து. கட்டுரையில் சொல்லப்பட்டதும் மேற்கோள் காட்டப்பட்ட மூலத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதே சரிபார்ப்பவரின் கடமை. மூலத்தை எழுதிய அறிவியலாளர்களின் ஆய்வை மறுபடியும் நடத்திப் பார்ப்பது அவரால் ஆகிற காரியமும் அல்ல, அவர் பொறுப்பும் அல்ல. காலநிலை குறித்து ஐ.பி.சி.சி.யைவிட மேலான ஆதாரத்துக்கு எங்கே போவது? மேலும், வாக்கியத்திலேயே "ஐ.பி.சி.சி. கூறுகிறது" என்று இருக்கிறது. அவர்கள் கூறியிருப்பது உண்மை. எனவே வாக்கியமும் உண்மை.

மணிமொழி எழுதியது:

பனியாறுகள் உருகுவதையே கேள்விக்குள்ளாக்கும் கேள்விகள் எனக்குக் கவலை தருகின்றன. பனியாறுகள் உருகுகின்றன என்பதற்குச் செயற்கைக்கோள் படங்கள் முதல் நேரடி அளவீடுகள் வரை சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலேயே இதில் ஐயம் எழுந்தால், வாசகர்கள் எதை நம்புவார்கள்?

இளவேனில் எழுதியது:

மணிமொழி அவர்களுக்கு: நான் கேட்டது அது அல்ல. பனியாறுகள் உருகுவதில் எனக்கோ துணையாசிரியருக்கோ ஐயம் இல்லை. அந்தக் குறிப்பிட்ட மூன்று எண்களை அச்சிடலாமா என்பது மட்டுமே கேள்வி.

கதிரவன் அவர்களுக்கு: நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் துணையாசிரியர் காரணமில்லாமல் சிவப்பு இடுபவர் அல்லர்.

பழைய மேசை எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரதி சரிபார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி கதிரவன் சொன்னதில் பாதி சரி. கட்டுரையும் மூலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் படி. அதை இளவேனில் முறையாகச் செய்திருக்கிறார். ஆனால் "அவர் கூறினார்" என்று சேர்த்துவிட்டால் பொறுப்பு கைமாறிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. வாசகர் அந்த வரியிலிருந்து எடுத்துச் செல்வது 2035 என்ற எண்ணைத்தான். யார் கூறினார் என்பது இரண்டு நாளில் மறந்துவிடும், எண் மறக்காது.

2035ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதைத் தீர்க்க வெளியே தேட வேண்டும். மற்ற இரண்டுக்கும் வெளியே போகவே தேவையில்லை. அறிக்கையின் அதே பிரிவையும் ஒரு கணிப்பானையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பரப்பு. 10.6.2ஐத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். தேடுபெட்டியில் எண்ணை இட்டு, அது நிற்கும் வரியில் குதித்துப் பார்த்துவிட்டு வெளியேறுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன். அதே பிரிவில், இமயமலைப் பனியாறுகள் சுமார் 30 லட்சம் ஹெக்டேர் பரப்பில் உள்ளன என்று இன்னொரு வாக்கியம் இருக்கிறது. 100 ஹெக்டேர் சேர்ந்தால் ஒரு சதுர கிலோமீட்டர். 30 லட்சத்தை 100ஆல் வகுத்துப் பாருங்கள்.

அடுத்தது பிண்டாரி. உங்கள் எண் ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. அந்த வரிசையில் ஆண்டுகள், பின்வாங்கிய மொத்தத் தொலைவு, ஆண்டுச் சராசரி என்று மூன்று விவரங்கள் இருக்கும். மூன்றாவது விவரம் முதல் இரண்டிலிருந்து கணக்கிடப்பட்டது. ஆதலால் அது ஆதாரம் அல்ல, கணக்கு. கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பனியாற்றியல் படித்திருக்க வேண்டியதில்லை. போட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

இளவேனில் எழுதியது:

ஐயா, போட்டுப் பார்த்தேன். நேற்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

30 லட்சம் ஹெக்டேர் என்பது 30,000 சதுர கிலோமீட்டர். அதே பிரிவில், அதே பனியாறுகளின் "தற்போதைய பரப்பு" 5,00,000 சதுர கிலோமீட்டர் என்றும் இருக்கிறது. ஏறக்குறைய பதினேழு மடங்கு வேறுபாடு. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. இன்னொன்றும் உறுத்தியது: ஒரு வாக்கியம் 2035க்குள் மறைந்துபோவதைப் பற்றிப் பேசுகிறது, அடுத்த வாக்கியமோ அதே ஆண்டில் 1,00,000 சதுர கிலோமீட்டர் எஞ்சியிருக்கும் என்கிறது. மறைந்துபோனது எப்படி எஞ்சியிருக்கும்?

பிண்டாரி வரிசையில் 1845–1966, 2,840 மீட்டர், 135.2 என்று இருக்கிறது. 1845க்கும் 1966க்கும் இடையே 121 ஆண்டுகள். 2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5தான் வருகிறது. 135.2 எப்படி வந்தது என்று விளங்காமல் வேறு எண்களால் வகுத்துப் பார்த்தபோது, 21ஆல் வகுத்தால் 135.2 மிகச் சரியாக வந்தது. 121இல் ஓர் 1 விடுபட்டிருக்கிறது.

அட்டவணை முழுவதுமே இப்படியோ என்ற அச்சத்தில் மற்ற வரிசைகளையும் போட்டேன். மிலம் பனியாறு 1909–1984, 990 மீட்டர், 13.2: சரி. கங்கோத்ரி 1977–1990, 364 மீட்டர், 28.0: சரி. பாரா ஷிக்ரி 1977–1995, 650 மீட்டர், 36.1: சரி. அந்த ஒரு வரிசை மட்டுமே பிசகியிருக்கிறது.

நான் பச்சை அடிக்கோடிட்ட எண் இது. மூலத்தோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போகிறது என்று பெருமையாகவும் எழுதியிருந்தேன்.

பழைய மேசை எழுதியது:

நன்றாகச் செய்தீர்கள். மற்ற வரிசைகளையும் போட்டுப் பார்த்ததுதான் இதில் முக்கியமான வேலை என்பேன். ஒரு வரிசை மட்டும் பொருந்தாமல், அந்தப் பொருந்தாமைக்கு ஒரே ஓர் இலக்கம் விடுபட்டதுதான் காரணம் என்றும் காட்ட முடிந்தால், அது உங்கள் ஐயமாக இல்லாமல் கண்டுபிடிப்பாகவே ஆகிவிடுகிறது. எல்லா வரிசைகளும் பொருந்தாமல் போயிருந்தால், அவர்கள் சராசரியை வேறு முறையில் கணக்கிட்டிருக்கக்கூடும், நீங்கள்தான் அட்டவணையைத் தவறாகப் படிக்கிறீர்கள் என்று எண்ண வேண்டியிருந்திருக்கும்.

கணக்குப் போடாமலும் இதைச் சந்தேகித்திருக்கலாம். அட்டவணையில் அடுத்த பெரிய எண் 36.1, 135.2 அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கூட்டத்தில் ஓர் எண் மட்டும் தலை உயர்ந்து நின்றால், கட்டுரையாளருக்கு அதுவே எடுப்பான எண்ணாகத் தெரியும், அதைத்தான் அவர் எடுத்தும் கொள்வார். சரிபார்ப்பவர் முதலில் கை வைக்க வேண்டிய எண்ணும் அதுவே.

ஐந்து இணையதளங்களைப் பற்றி ஒரு சொல். அவை ஐந்தும் எதை ஆதாரமாகக் காட்டுகின்றன என்று பாருங்கள். எல்லாமே இதே பத்தியைக் காட்டினால், உங்களிடம் இருப்பது ஐந்து சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி ஐந்து முறை பேசியிருக்கிறார்.

இனி 2035க்கு வருவோம். அந்தப் பத்தியின் இறுதியில் அறிக்கையே ஓர் ஆதாரத்தைச் சுட்டியிருக்கும். அதை எடுங்கள். அது சுட்டும் ஆதாரத்தையும் எடுங்கள். அளந்தவர் அல்லது கணித்தவர் கையில் போய் நிற்கும்வரை நிறுத்தாதீர்கள். துணையாசிரியர் கேட்ட கேள்வியும் அதுதான்.

நாகலிங்கம் எழுதியது:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பயன்படலாம். ஒரு நாளிதழில் மொழிபெயர்ப்புப் பகுதியில் இருந்தேன். ஒரு நிறுவனத்தின் கடன் பற்றிய செய்தியில் 4 பில்லியன் என்று இருந்ததை 40 கோடி என்று மாற்றினேன். 400 கோடி என்றிருக்க வேண்டும். ஒரு பில்லியன் 100 கோடி என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அவசரத்தில் மில்லியனுக்கும் பில்லியனுக்கும் இடையே மனம் வழுக்கிவிட்டது. மேலிருந்த இருவர் பார்த்தார்கள். வாக்கியம் நன்றாக இருந்ததால் இருவருமே எண்ணைத் தொடவில்லை. மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

அன்று முதல் மில்லியன், பில்லியன் வந்தால் முதலில் எல்லாச் சுழியங்களையும் இட்டு இலக்கமாக எழுதிக்கொண்டு, பிறகு நம் முறைப்படி காற்புள்ளி வைத்துத்தான் லட்சமும் கோடியும் ஆக்குகிறேன். மனக்கணக்கில் மாற்றுவதை விட்டுவிட்டேன். இளவேனில் ஹெக்டேரை மாற்றியபோதும் அப்படி எழுதிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இளவேனில் எழுதியது:

எழுதிப் பார்த்தேன், ஐயா. அறிக்கையில் "மூன்று மில்லியன் ஹெக்டேர்" என்றுதான் இருக்கிறது. 3000000 என்று எழுதி, 30,00,000 என்று பிரித்து, இரண்டு சுழியங்களை நீக்கினேன். இமயமலைப் பனியாறுகளின் பரப்பு என்று பிற ஆய்வுகள் தரும் எண்களும் சில பத்தாயிரங்களில்தான் நிற்கின்றன. லட்சங்களுக்கு அருகில்கூட எதுவும் வரவில்லை.

2035இன் பின்னே போனதை இப்போது சொல்கிறேன். அந்தப் பத்தி டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கையைச் சுட்டுகிறது. அது ஒரு தொண்டு அமைப்பின் அறிக்கை, ஆய்விதழில் வந்த கட்டுரை அல்ல. அந்த அறிக்கை 1999இல் வெளிவந்த நியூ சயின்டிஸ்ட் இதழின் செய்தியிடம் அழைத்துச் செல்கிறது. அந்தச் செய்தியின் அடியில் இருப்பது ஒரு பனியாற்றியலாளர் சொன்ன கருத்து. அதற்குக் கீழே அளவீடோ கணிப்பு மாதிரியோ எதுவும் இல்லை. ஏணியில் இறங்கிக்கொண்டே வந்து, கடைசிப் படிக்குக் கீழே தரையே இல்லை என்று கண்டதுபோல இருந்தது.

பிறகுதான் ஐ.பி.சி.சி.யின் தளத்தில் 2010 ஜனவரி 20 நாளிட்ட அறிக்கை ஒன்று கிடைத்தது. 938 பக்கத் தொகுதியின் ஒரு பத்தியில், இமயமலைப் பனியாறுகள் மறையும் காலம் குறித்து, போதிய சான்றில்லாத மதிப்பீடுகள் இடம்பெற்றுவிட்டன என்றும், அந்தப் பத்தியில் சான்றுக்கான நெறிகள் சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை என்றும் அவர்களே கூறி வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். ஆக, "ஐ.பி.சி.சி. கூறுகிறது" என்று நிகழ்காலத்தில் எழுதுவதே பிழையாகிவிடுகிறது. அவர்கள் அதை இப்போது கூறவில்லை.

கதிரவன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். மூலத்தில் இருப்பதால் வாக்கியம் உண்மை என்று நான் எழுதியது இந்த இடத்தில் நிற்காது. மூலம் தன் சொல்லைத் திரும்பப் பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சுடர் எழுதியது:

இதில் இத்தனை ஆழம் போக வேண்டியதில்லை, நண்பர்களே. இது வெறும் எழுத்துப்பிழை. 1996இல் யுனெஸ்கோ வெளியிட்ட, பனியாற்றியலாளர் கோட்லியாகோவ் தொகுத்த அறிக்கையில் 2350 என்று இருந்தது. யாரோ இலக்கங்களை இடம் மாற்றி 2035 என்று அடித்துவிட்டார்கள். அதே வாக்கியத்தில்தான் 5,00,000இலிருந்து 1,00,000 சதுர கிலோமீட்டர் என்பதும் இருக்கிறது. எனவே கட்டுரையில் 2035ஐ 2350 என்று திருத்திவிட்டால் போதும்.

பழைய மேசை எழுதியது:

சுடர், அந்த யுனெஸ்கோ அறிக்கையை நினைவுபடுத்தியதற்கு நன்றி; இளவேனில் தேடிய சங்கிலியில் அது வரவில்லை, பரப்பைப் பற்றிய குழப்பத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் திருத்தத்தைச் செய்தால் பிழை போகாது, வேறொரு பிழை வந்து உட்காரும்.

அந்த வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். கோட்லியாகோவ் பேசுவது இமயமலையைப் பற்றி அல்ல. துருவங்களுக்கு வெளியே உலகெங்கும் உள்ள பனியாறுகளைப் பற்றி. அவற்றின் மொத்தப் பரப்புதான் 2350க்குள் 5,00,000இலிருந்து 1,00,000 சதுர கிலோமீட்டராகக் குறையும் என்கிறார். உலகத்துக்கான எண் பயணத்தின் நடுவே எங்கோ இமயமலையின் எண்ணாகிவிட்டது. இளவேனில் கணக்கில் பதினேழு மடங்கு வேறுபாடு வந்தது இதனால்தான். 2035ஐ 2350 என்று மாற்றி எழுவாயை அப்படியே விட்டால், இமயமலையில் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருப்பதாக நாமே புதிதாக அச்சிடுவோம்.

நான் சரிபார்ப்பில் கண்ட பிழைகளில் எண் மாறியவை குறைவு, எண்ணின் சொந்தக்காரர் மாறியவை அதிகம். எண்ணை மட்டும் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பவருக்கு இது தென்படவே தென்படாது. எது, எங்கே, எந்த ஆண்டில், எந்த அளவையில் என்பவற்றை எண்ணோடு சேர்த்தே ஒத்துப் பார்க்க வேண்டும். நான் பிரதியில் எண்ணுக்கு மட்டும் கோடிடாமல், அந்த எண் பற்றி நிற்கும் பெயர்ச்சொல்லுக்கும் சேர்த்துக் கோடிடுவது இதற்காகத்தான்.

இலக்கம் இடம் மாறியது என்ற விளக்கம் பலரால் சொல்லப்படுவதுதான், பொருத்தமாகவும் தோன்றுகிறது. ஆனால் யார், எப்போது, எந்தத் தாளில் மாற்றினார் என்று காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை. 2035 என்ற ஆண்டு 1999ஆம் ஆண்டுச் செய்தியிலும் இருக்கிறது. அது 2350இலிருந்து பிறந்ததா, தனியாக எழுந்ததா என்பது எனக்குத் திறந்த கேள்வியே. எனவே பிழையின் கதையைக் கட்டுரையில் எழுதுவதானால், "2350 என்பது 2035 ஆனது" என்று முடிந்த முடிவாக எழுத வேண்டாம். பிழையைப் பற்றி எழுதும் வரியிலேயே பிழை புகுவது நம் தொழிலில் அடிக்கடி நிகழ்கிறது.

சுடர் எழுதியது:

பரப்பு பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஆனால் இலக்கங்கள் இடம் மாறியதே காரணம் என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன். இரண்டு ஆண்டிலும் அதே நான்கு இலக்கங்கள்; ஐந்து லட்சமும் ஒரு லட்சமும் அதே வாக்கியத்தில். இது தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லை.

பழைய மேசை எழுதியது:

பரப்பு எண்களைப் பொறுத்தவரை தற்செயல் இல்லை என்பதில் எனக்கும் உடன்பாடு. அவை கோட்லியாகோவிடமிருந்து வந்தவையே. ஆண்டைப் பொறுத்தவரை உங்கள் ஊகம் நல்ல ஊகம். அச்சுக்கு அது போதாது என்பது மட்டுமே என் நிலை.

இளவேனில் எழுதியது:

மூன்று வாக்கியங்களையும் நீக்கச் சொல்லிக் கட்டுரையாளருக்குக் குறிப்பு எழுதப் போகிறேன். நீக்கச் சொல்வதோடு நில்லாமல், மாற்றாக ஒரு வாக்கியம் தர வேண்டும் என்று துணையாசிரியர் சொன்னார். 2017இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றை எடுத்திருக்கிறேன். செய்தி ஆக்கத்தை விட்டுவிட்டு இம்முறை ஆய்வுச் சுருக்கத்தையே படித்தேன். அதை வைத்து எழுதியது: "புவியின் வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும், இமயமலைப் பனியாறுகளில் 36 சதவீதம் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் மறைந்துவிடும்." சரியாக இருக்கிறதா?

பழைய மேசை எழுதியது:

மூலத்தைத் தேர்ந்தது சரி. வாக்கியத்தில் மூன்று இடங்கள் வழுக்குகின்றன.

"இமயமலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது ஆசியாவின் உயர்மலைப் பகுதி முழுவதையும். இமயமலை அதில் ஒரு பகுதிதான். இப்போதுதான் உலகத்தின் எண்ணை இமயமலைக்குக் கொடுத்த பிழையைப் பார்த்தோம். அதையே சிறிய அளவில் நாமும் செய்துவிடக் கூடாது.

"பனியாறுகளில் 36 சதவீதம்" என்றால் நூறு பனியாறுகளில் முப்பத்தாறு மறையும் என்று வாசகர் படிப்பார். ஆய்வு கணக்கிட்டது பனியாறுகளின் எண்ணிக்கையை அல்ல, அவற்றில் உள்ள பனியின் நிறையை. எண்ணிக்கை, பரப்பு, நிறை மூன்றும் வெவ்வேறு வேகத்தில் குறையும். ஒன்றின் சதவீதத்தை மற்றொன்றுக்கு வைக்க முடியாது.

"36 சதவீதம்" என்று நீங்கள் வந்தது எப்படி? சுருக்கத்தில் அந்த எண் அப்படியே இருக்கிறதா? மீண்டும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இளவேனில் எழுதியது:

இல்லை, ஐயா. சுருக்கத்தில் இருப்பது, 1.5 டிகிரி உயர்ந்தால் இன்றைய பனி நிறையில் 64±7 சதவீதம் நூற்றாண்டின் இறுதியில் எஞ்சியிருக்கும் என்பது. 100இலிருந்து கழித்து 36 என்று நானே எழுதினேன். ±7ஐ விட்டுவிட்டேன்.

மீண்டும் படித்தபோது ஒன்றைக் கண்டு திடுக்கிட்டேன். உமிழ்வு மிக அதிகமாகத் தொடரும் ஆர்.சி.பி. 8.5 நிலையில் 64±5 சதவீதம் பனி நிறை இழக்கப்படும் என்று அதே சுருக்கத்தில் சற்றுக் கீழே இருக்கிறது. ஒரு 64 எஞ்சுவது, இன்னொரு 64 இழப்பது. தேடுபெட்டியில் 64 என்று இட்டுப் பார்த்திருந்தால், எதை எடுத்தேன் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

பழைய மேசை எழுதியது:

அதற்காகவே திரும்பப் படிக்கச் சொன்னேன். கழித்து 36 என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் அது உங்கள் கணக்கு என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள். பின்னால் வேறொருவர் 36ஐ மூலத்தில் தேடி, காணாமல், வாக்கியத்தையே நீக்கிவிடக்கூடும். ±7ஐ வாசகருக்கு "ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு" என்று சொல்லலாம். 29க்கும் 43க்கும் இடையே உள்ள எண்ணுக்கு அது நேர்மையான சொல் என்றே கருதுகிறேன்.

மணிமொழி எழுதியது:

முதலில் இழையைத் தவறாகப் புரிந்துகொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கவலை முழுவதும் போகவில்லை. இந்த 2035 பிழையை எடுத்துக்காட்டி "பனியாறுகள் உருகுவதே பொய்" என்று எழுதுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டுரை இந்தப் பிழையைக் குறிப்பிடுமானால், அதே 2010 அறிக்கையில் ஐ.பி.சி.சி. சொன்ன மற்றொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பனியாறுகளின் இழப்பு குறித்து ஒட்டுமொத்த அறிக்கை எட்டிய முடிவு வலுவானது, அடிப்படை அறிவியலோடு அது முழுவதும் ஒத்துப்போகிறது என்று அவர்கள் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். வருத்தத்தை மட்டும் மேற்கோள் காட்டி இதை விடுவதும் ஒரு வகைத் திரிப்பே.

கதிரவன் எழுதியது:

அப்படியானால் கட்டுரையில் பிழையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்பேன். 2035 என்று முன்பே கேள்விப்பட்ட வாசகர் பலர் இருப்பார்கள். எதுவும் சொல்லாமல் புதிய எண்ணை மட்டும் தந்தால், இந்த இதழ்தான் தவறாக எழுதிவிட்டது என்று அவர்கள் நினைக்கலாம்.

பழைய மேசை எழுதியது:

எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. பழைய எண்ணை மறுப்பதற்காகக்கூட அச்சிட்டால், மறுப்பு மறந்து எண் நிலைக்கும் என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் கட்டுரையாளரும் ஆசிரியரும்; சரிபார்ப்பவர் அல்லர். இளவேனில் இரு வழிகளையும் குறிப்பில் வைக்கட்டும்.

குறிப்பை எழுதும் முறை பற்றி ஒன்று. "இந்த எண் தவறு" என்று தொடங்காதீர்கள். "2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5 வருகிறது, அட்டவணையில் 135.2 என்று உள்ளது. மற்ற வரிசைகள் பொருந்துகின்றன. தங்களிடம் வேறு ஆதாரம் உள்ளதா?" என்று கேளுங்கள். கட்டுரையாளர் நீங்கள் பார்த்திராத ஒன்றைக் கையில் வைத்திருக்கலாம். அவர் ஆதாரம் காட்ட இடம் வைத்துக் கேட்டால் பதில் விரைவில் வரும்.

இளவேனில் எழுதியது:

கட்டுரையாளர் பதில் எழுதிவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் தாம் ஆற்றிய உரையின் குறிப்புகளிலிருந்து அந்த மூன்று எண்களையும் எடுத்ததாகவும், மூல அறிக்கையை மீண்டும் திறந்து பார்க்கவில்லை என்றும் ஒளிவின்றிச் சொன்னார். 2035ஐயும் பரப்பையும் நீக்க இசைந்தார். மாற்று வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: "புவியின் சராசரி வெப்பநிலை உயர்வு 1.5 டிகிரியில் நின்றாலும், ஆசியாவின் உயர்மலைப் பனியாறுகளில் இன்று உள்ள பனியின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இழக்கப்படும் என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்துள்ளது." பிழையின் வரலாற்றைப் பெட்டிச் செய்தியாகத் தருவதா, விட்டுவிடுவதா என்று ஆசிரியர் இன்னும் சொல்லவில்லை. தந்தால், மணிமொழி அவர்கள் சொன்ன வரியும் அதில் இருக்க வேண்டும் என்று குறித்திருக்கிறேன்.

பிண்டாரி மட்டும் முடியவில்லை. 135.2ஐ 23.5 ஆக்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். வகுத்தல் சரிதான், ஆனால் வகுக்கப்பட்ட 2,840 மீட்டரும் அதே அட்டவணையிலிருந்து வந்ததுதான். அதில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் நான் எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எண் சரியாகவே இருந்தாலும், அது 1845இலும் 1966இலும் பனியாற்றின் முனை நின்ற இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தொலைவுதான். 121 ஆண்டுகளின் சராசரியை "வேகம்" என்று சொன்னால், இன்று வரை அதே வேகத்தில் பின்வாங்குகிறது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அட்டவணை அந்த வரிசைக்கு எந்த அளவீட்டைச் சுட்டுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கம் அச்சுக்குப் போக இன்னும் நான்கு நாள்கள் உள்ளன. அதற்குள் கிடைக்கவில்லை என்றால் வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று துணையாசிரியர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு அது பிரதியில் சிவப்பு அடிக்கோட்டோடு நிற்கிறது.

நாகலிங்கம் எழுதியது:

1845ஆம் ஆண்டு அளவீடு என்றால் பழைய புவியியல் ஆய்வுத் துறைப் பதிவுகளில் இருக்க வாய்ப்புண்டு. மின்வடிவமாக்கப்பட்ட பழைய தொகுதிகளில் பனியாற்றின் பெயரை வேறு வேறு எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். அக்காலத்தில் ஒரே பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அந்நாளைய பதிவு அடிக்கணக்கில் இருந்தால், மீட்டராக மாற்றியவர் யார் என்பதையும் பார்த்துவிடுங்கள்.